ஒரு மதிப்பெண், ஒரே பிரிவு: COUNTIFS கொண்டு நிகழ்வெண் அட்டவணை போடுவது

முப்பது பேர் எழுதிய ஒரு தேர்வின் மதிப்பெண்கள் கையில் இருக்கின்றன. நூற்றுக்கு எடுத்தவை. எக்செல் தாளில் A நெடுவரிசையில் பெயர், B நெடுவரிசையில் மதிப்பெண். முதல் வரி தலைப்பு என்பதால் மதிப்பெண்கள் B2-வில் தொடங்கி B31-ல் முடிகின்றன. இடத்தை மிச்சப்படுத்த இங்கே குறுக்காகத் தருகிறேன். தாளில் இவை மேலிருந்து கீழாக, இதே வரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

```
62 47 71 55 38 84 60 40 66 53
91 29 58 70 45 63 100 35 52 68
74 40 57 39 61 80 49 66 18 56
```

இந்த எண்களை எவ்வளவு நேரம் பார்த்தாலும் வகுப்பு எப்படிச் செய்திருக்கிறது என்பது சட்டென்று பிடிபடாது. சராசரியைக் கண்டுபிடித்தால் ஓர் எண் கிடைக்கும், அவ்வளவுதான். பெரும்பாலானோர் நடுவில் கூடியிருக்கிறார்களா, இரண்டு கூட்டமாகப் பிரிந்து கிடக்கிறார்களா, தேர்ச்சி எல்லைக்குக் கொஞ்சம் கீழே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையெல்லாம் சராசரி சொல்லாது. அதைச் சொல்வது ஹிஸ்டோகிராம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று படித்திருப்போமே, அதுதான்.

ஆனால் ஹிஸ்டோகிராம் என்பது வெறும் படம். அதற்கு அடியில் ஒரு சின்ன அட்டவணை இருக்கிறது: 0 முதல் 10 வரை இத்தனை பேர், 10 முதல் 20 வரை இத்தனை பேர் என்று போகும் அட்டவணை. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர் என்ற எண்ணுக்குத்தான் நிகழ்வெண் என்று பெயர். இந்த அட்டவணை சரியாக இருந்தால் படம் போடுவது ஒரு நிமிட வேலை. அட்டவணை தவறினால் படம் அழகாக வரும், ஆனால் பொய் சொல்லும். அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் அட்டவணையைப் பற்றித்தான்.

40 எந்தப் பக்கம்?

அட்டவணை போடுவதற்கு முன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 30–40 என்று ஒரு பிரிவு, 40–50 என்று அடுத்த பிரிவு. சரியாக 40 எடுத்த மாணவர் எதில் சேருவார்? நம் பட்டியலில் 40 எடுத்தவர்கள் இரண்டு பேர். 60, 70, 80 எடுத்தவர்களும் ஆளுக்கொருவர் இருக்கிறார்கள். இந்த ஐந்து பேரும் இரண்டு பிரிவுகளின் எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள்.

விதி எளிமையானது: ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஒரே ஒரு பிரிவில் சேர வேண்டும். இரண்டிலும் சேரக் கூடாது, இரண்டுக்கும் நடுவில் விழுந்து காணாமலும் போகக் கூடாது. இதற்கு வழக்கமாகச் செய்வது, கீழ் எல்லையைச் சேர்த்துக்கொண்டு மேல் எல்லையை விட்டுவிடுவது. அதாவது 30–40 என்றால் 30-ம் அதற்கு மேலும், ஆனால் 40-க்குக் கீழ். 40 எடுத்தவர் 40–50-க்குப் போய்விடுவார்.

மதிப்பெண் பட்டியலுக்கு இந்த விதிதான் பொருந்தும் என்பது என் கருத்து. தேர்ச்சிக்கு 40 வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 எடுத்தவர் தேர்ச்சி பெற்றவர். அவரை 39 எடுத்தவரோடு ஒரே தூணில் வைத்தால் படத்தைப் பார்க்கும் எவரும் அவரைத் தோல்விக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். மேல் எல்லையை விடும் விதியில் 40-க்கு இடப்பக்கம் உள்ள தூண்கள் முழுக்கத் தேராதவர்கள், வலப்பக்கம் உள்ளவை முழுக்கத் தேர்ந்தவர்கள்.

இங்கேதான் COUNTIFS கைகொடுக்கிறது. எல்லையில் நிற்பவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை வெளிப்படையாக நம் கையாலேயே எழுத வைக்கும் ஃபங்ஷன் அது.

எல்லைகளை முதலில் எழுதுங்கள்

D நெடுவரிசையில் கீழ் எல்லை, E-யில் மேல் எல்லை, F-ல் பிரிவின் பெயர், G-யில் நிகழ்வெண் என்று நான்கு தலைப்புகள் போட்டுக்கொள்ளுங்கள். சற்றுத் தள்ளி J1-ல் 10 என்று எழுதுங்கள். அது ஒவ்வொரு பிரிவின் அகலம். J2-வில் 100 என்று எழுதுங்கள். அது முழு மதிப்பெண். எந்த எண் எதற்கு என்று I நெடுவரிசையில் ஒரு வார்த்தை எழுதி வைப்பது நல்லது.

D2-வில் 0 என்று தட்டுங்கள். மீதி எல்லைகளைத் தாளே கணக்கிடட்டும்:

```
E2:  =D2+$J$1
D3:  =E2
```

E2-வைக் கீழே E11 வரையும், D3-ஐ D11 வரையும் இழுத்துவிட்டால் 0–10, 10–20 என்று தொடங்கி 90–100 வரை பத்து பிரிவுகள் வந்துவிடும். ஒரு பிரிவின் மேல் எல்லைதான் அடுத்த பிரிவின் கீழ் எல்லை என்பதை D3-ல் உள்ள சூத்திரமே உறுதி செய்கிறது. கையால் தட்டினால் எங்காவது 49 என்றும் 51 என்றும் இடைவெளி விழ வாய்ப்புண்டு; இப்படிச் செய்தால் அதற்கு வழியே இல்லை.

F2-வில் பிரிவின் பெயருக்கும் ஒரு சூத்திரம், அதையும் F11 வரை இழுத்துவிடுங்கள்:

```
=D2&"–"&E2
```

பெயரைக் கையால் தட்டினால் என்ன என்று தோன்றும். எக்செலுக்கு ஒரு பழக்கம் உண்டு: 10-12 போன்ற ஒன்றைத் தட்டினால் அது தேதி என்று எடுத்துக்கொண்டு மாதப் பெயரோடு மாற்றிவிடும். பிறகு படத்தின் அடியில் தேதிகள் வரிசையாக நிற்கும். சூத்திரத்தில் இருந்து வரும் பெயர் எழுத்தாகவே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

சூத்திரம்

சரி, இப்போது எண்ணும் வேலை. 40–50 பிரிவை மட்டும் எடுத்து எழுதிப் பார்ப்போம்.

```
=COUNTIFS($B$2:$B$31,">=40",$B$2:$B$31,"<50")
```

COUNTIFS-க்குள் இரண்டு இரண்டாக விவரம் போகும். முதலில் எங்கே பார்க்க வேண்டும், அடுத்து என்ன நிபந்தனை. அதற்குப் பிறகு மறுபடி எங்கே, என்ன. எல்லா நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் பொருந்தும் வரிகளை மட்டும் அது எண்ணும். இங்கே இரண்டு நிபந்தனைகளும் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன: மதிப்பெண் 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அதே மதிப்பெண் 50-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். நம் பட்டியலில் 47, 40, 45, 40, 49 ஆகிய ஐந்தும் இதில் தேறும். விடை 5.

பத்துப் பிரிவுக்கும் இப்படி எண்களை மாற்றி மாற்றித் தட்டலாம்தான். ஆனால் எல்லைகள் ஏற்கெனவே D, E-யில் இருக்கின்றன. அங்கிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்வோம். G2-வில்:

```
=COUNTIFS($B$2:$B$31,">="&D2,$B$2:$B$31,"<"&E2)
```

புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இங்கே இரண்டு இடங்களில் சறுக்கும். ஒன்று, மேற்கோள் குறி எங்கே முடிகிறது என்பது. `"<"&E2` என்றால் '<' என்ற குறியோடு E2-வில் உள்ள எண்ணை ஒட்டு என்று பொருள். E2-வில் 10 இருந்தால் நிபந்தனை `<10` ஆகிறது. `"<E2"` என்று மொத்தத்தையும் மேற்கோளுக்குள் போட்டுவிட்டால் எக்செல் அந்தக் கட்டத்தைப் பார்க்கவே பார்க்காது. E2 என்ற இரண்டு எழுத்துகளோடு ஒப்பிடும். எந்த எண்ணும் பொருந்தாமல் எல்லாப் பிரிவுக்கும் 0 வரும். முழுக்க 0 வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கணினியின் மொழி அமைப்பைப் பொறுத்து சிலருக்குக் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட்டால்தான் சூத்திரத்தையே ஏற்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, டாலர் குறி. இதன் தவறு 0 போலக் கண்ணில் படாது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். `$B$2:$B$31` என்று எழுதாமல் B2:B31 என்று எழுதி, G2-வைக் கீழே இழுத்தால் என்ன ஆகும்? G3-ல் அது B3:B32 ஆகும், G4-ல் B4:B33. ஒவ்வொரு வரி இறங்கும்போதும் பட்டியலின் தலையில் இருந்து ஒரு மாணவர் கழன்றுவிடுவார். நம் பட்டியலில் இப்படிச் செய்தால் 40–50-ல் 5 பேருக்குப் பதில் 4 பேர் வருவார்கள், 50–60-ல் 6-க்குப் பதில் 5, 60–70-ல் 7-க்குப் பதில் 6, 70–80-ல் 3-க்குப் பதில் 2, 80–90-ல் 2-க்குப் பதில் 1. மொத்தம் 24. படம் போட்டால் அதே மலை வடிவம்தான், கொஞ்சம் குட்டையாக. பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. சூத்திரத்தில் B2:B31-ஐத் தேர்ந்தெடுத்து F4 விசையை ஒருமுறை தட்டினால் டாலர் குறிகள் தானே ஏறிக்கொள்ளும். D2, E2-வுக்கு டாலர் வேண்டாம். அவை வரிக்கு வரி இறங்கத்தான் வேண்டும்.

100 எடுத்தவரை வெளியே விட்டுவிடாதீர்கள்

G2-வை G11 வரை இழுத்துக் கூட்டிப் பாருங்கள். 29 வரும். ஒருவரைக் காணோம்.

கடைசிப் பிரிவு 90–100. நம் விதிப்படி மேல் எல்லை சேராது. ஆக 91 எடுத்தவர் உள்ளே, 100 எடுத்தவர் வெளியே. மற்ற பிரிவுகளில் எல்லையில் நிற்பவரை அடுத்த பிரிவு ஏற்றுக்கொள்ளும். கடைசிப் பிரிவுக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை. வகுப்பில் முதலாவதாக வந்தவரே அட்டவணையில் இல்லாமல் போகிறார்.

சிலர் 100–110 என்று இன்னொரு பிரிவு சேர்ப்பார்கள். முழு மதிப்பெண் 100 என்னும்போது அப்படி ஒரு தூண் படத்தில் நிற்பது பொருத்தமாக இல்லை. சிலர் கடைசி மேல் எல்லையை 101 ஆக்கிவிடுவார்கள். கணக்கு சரியாக வரும், ஆனால் பெயரில் 90–101 என்று நிற்கும். எனக்குச் சரியென்று படுவது, கடைசிப் பிரிவுக்கு மட்டும் மேல் எல்லையையும் சேர்த்துக்கொள்வது. அதற்குத்தான் J2-வில் 100 எழுதி வைத்தோம்:

```
=COUNTIFS($B$2:$B$31,">="&D2,
 $B$2:$B$31,IF(E2=$J$2,"<=","<")&E2)
```

மேல் எல்லை முழு மதிப்பெண்ணுக்குச் சமமாக இருந்தால் `<=` போடு, இல்லையென்றால் `<` போடு. எல்லா வரிக்கும் இதே சூத்திரம்தான். கடைசி வரியை மட்டும் தனியாக மாற்றி எழுத வேண்டியதில்லை. பின்னால் யாராவது மேலிருந்து சூத்திரத்தை மறுபடி இழுத்தாலும் கெடாது.

இப்போது அட்டவணை இப்படி வரும்:

| பிரிவு | நிகழ்வெண் |
|---|---|
| 0–10 | 0 |
| 10–20 | 1 |
| 20–30 | 1 |
| 30–40 | 3 |
| 40–50 | 5 |
| 50–60 | 6 |
| 60–70 | 7 |
| 70–80 | 3 |
| 80–90 | 2 |
| 90–100 | 2 |

கூட்டினால் 30. 0–10-ல் யாரும் இல்லை என்பதற்காக அந்த வரியை நீக்கிவிடாதீர்கள். அங்கே ஒருவரும் இல்லை என்பதும் ஒரு தகவல். நடுவில் உள்ள காலிப் பிரிவை நீக்கினால் இன்னும் மோசம்: அதன் இருபுறமும் உள்ள தூண்கள் ஒட்டிக்கொண்டு, நடுவில் இடைவெளியே இல்லாதது போல் தெரியும்.

கூட்டுத்தொகையை எதனோடு ஒப்பிடுவது?

மேலே 29, 24 என்று வந்த தவறுகளையெல்லாம் கூட்டுத்தொகைதான் பிடித்துக் கொடுத்தது. அதைத் தாளிலேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வோம். J4, J5, J6-ல்:

```
=SUM(G2:G40)
=COUNT(B2:B31)
=COUNTA(B2:B31)
```

முதலாவது, அட்டவணையில் ஏறியவர்கள். இரண்டாவது, B-யில் எண்ணாக உள்ள கட்டங்கள். மூன்றாவது, B-யில் ஏதாவது எழுதியிருக்கும் கட்டங்கள்.

எல்லைக் குறிகளில் தவறு நடந்தால் முதலிரண்டும் ஒத்துப் போகாது. இரு பக்கமும் `>=`, `<=` என்று போட்டிருந்தால் எல்லையில் நிற்கும் ஐந்து பேரும் இரண்டு பிரிவில் எண்ணப்பட்டு 35 வரும். இரு பக்கமும் `>`, `<` என்று போட்டிருந்தால் அந்த ஐந்து பேரோடு 100 எடுத்தவரும் விழுந்து 24 ஆகும். அதிகமாக வந்தால் யாரோ இருமுறை எண்ணப்பட்டிருக்கிறார், குறைந்தால் யாரோ விடுபட்டிருக்கிறார். எந்தத் திசையில் தேட வேண்டும் என்பதை வித்தியாசமே சொல்லிவிடும்.

அப்படியானால் மூன்றாவது எதற்கு? மதிப்பெண்கள் வேறு ஒரு மென்பொருளில் இருந்தோ இணையப் பக்கத்தில் இருந்தோ நகலெடுத்து ஒட்டப்பட்டவை என்றால், சில எண்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்து உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு 71 என்றுதான் தெரியும். `>=`, `<` போன்ற ஒப்பீடுகளுக்கு COUNTIFS எண்களை மட்டும்தான் பார்க்கும். எழுத்தாக இருக்கும் 71-ஐக் கண்டுகொள்ளாது. COUNT-ம் அதேபோல்தான். ஆக, 71 எழுத்தாக இருந்தால் J4-லும் 29, J5-லும் 29. இரண்டும் அழகாக ஒத்துப் போகும், ஒருவர் இல்லாமலேயே. COUNTA மட்டும்தான் 30 என்று காட்டும். இந்த மூன்றாவது எண்ணை யாரும் அவ்வளவாக வைப்பதில்லை. என்னைக் கேட்டால் மூன்றில் அதுதான் மிக அவசியம்.

எழுத்தாக இருக்கும் எண்ணை எப்படி அடையாளம் காண்பது? கட்டங்களின் சீரமைப்பை நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் எண்கள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒட்டி நிற்கும். எக்செலில் பல நேரம் கட்டத்தின் மூலையில் சின்னப் பச்சை முக்கோணமும் இருக்கும். சந்தேகமாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தில் `=ISNUMBER(B4)` என்று கேளுங்கள். FALSE என்றால் எழுத்து. சரிசெய்ய, அந்த நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Data மெனுவில் Text to Columns போய், வேறு எதையும் மாற்றாமல் Finish அழுத்தினால் பெரும்பாலும் எண்ணாகிவிடும். அப்படியும் மாறவில்லையா? `=LEN(B4)` போட்டுப் பாருங்கள். இரண்டு இலக்க மதிப்பெண்ணுக்கு 3 என்று விடை வந்தால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒன்று கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அதை நீக்கினால்தான் எண்ணாகும்.

தேர்வுக்கு வராதவர்களுக்கு AB என்று எழுதும் வழக்கம் இருந்தால் COUNTA-வுக்கும் COUNT-க்கும் வித்தியாசம் இருப்பது இயல்பு. `=COUNTIF(B2:B31,"AB")` என்று வராதவர்களைத் தனியே எண்ணி, அது வித்தியாசத்துக்குச் சமமா என்று பாருங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: வராதவருக்கு 0 போடாதீர்கள். 0 என்பது ஒரு மதிப்பெண். அது 0–10 பிரிவில் ஏறி, எழுதித் தவறியவரையும் எழுதவே வராதவரையும் ஒன்றாக்கிவிடும். காலியாக விட்ட கட்டத்தை `>=0` எண்ணாது என்பதால் காலியாக விட்டாலும் பாதகமில்லை.

அரை மதிப்பெண் இருந்தால்

30–39, 40–49 என்று பிரிவுகளை எழுதி, இரு எல்லைகளையும் சேர்த்துக்கொள்ளும் முறையும் உண்டு. முழு எண்களுக்கு அது சரியாகவே வேலை செய்யும். அரை மதிப்பெண் வந்ததும் உடைந்துவிடும்: 39.5 எடுத்தவர் 39-க்கு மேல், 40-க்குக் கீழ். எந்தப் பிரிவிலும் இடமில்லை. `>=`, `<` முறையில் பிரிவுகளுக்கு நடுவே சந்தே இல்லாததால் 39.5 தானாகவே 30–40-ல் சேரும்.

இதோடு ஒட்டிய இன்னொரு சங்கதி. பல தேர்வுகளின் சராசரியாகக் கணக்கிட்ட மதிப்பெண் என்றால், கட்டத்தில் 40 என்று தெரிந்தாலும் உள்ளே 39.6 இருக்கலாம். தசம இலக்கங்களை மறைத்துக் காட்டும்படி கட்டம் அமைக்கப்பட்டிருக்கும். COUNTIFS உள்ளே இருப்பதைத்தான் பார்க்கும், திரையில் தெரிவதை அல்ல. எனவே அவரை 30–40-ல் வைக்கும். மதிப்பெண்ணை முழு எண்ணாக்குவதுதான் உங்கள் விதி என்றால் B நெடுவரிசையிலேயே ROUND போட்டு முழு எண்ணாக்கிவிடுங்கள். அப்படி ஒரு விதி இல்லையென்றால் 39.6 இருக்கும் இடமே சரியான இடம்.

படம்

F1 முதல் G11 வரை தேர்ந்தெடுத்து, Insert மெனுவில் Column வகைப் படத்தைப் போடுங்கள். தூண்கள் இடைவெளி விட்டு நிற்கும். ஏதாவது ஒரு தூணின் மேல் வலது சொடுக்கு செய்து Format Data Series போய், Gap Width-ஐ 0% ஆக்குங்கள். தூண்கள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டி நிற்பது அலங்காரத்துக்காக இல்லை. 40-க்கு முன் முடியும் பிரிவும் 40-ல் தொடங்கும் பிரிவும் தொடர்ச்சியானவை என்பதைக் காட்டத்தான். தூண்களுக்கு வெள்ளை நிறத்தில் மெல்லிய ஓரக்கோடு கொடுத்தால் தனித்தனியாகத் தெரியும்.

இப்போது அந்த முப்பது எண்களும் வேறு மாதிரிப் பேசுகின்றன. 60–70-ல் உச்சம். இடப்பக்கம் 6, 5, 3 என்று மெதுவாக இறங்குகிறது. வலப்பக்கமோ 7-ல் இருந்து ஒரே அடியாக 3-க்கு விழுகிறது. 70-ஐத் தாண்டுவது இந்த வகுப்புக்குக் கடினமாக இருந்திருக்கிறது. வினாத்தாளில் எந்தக் கேள்விகள் அந்தத் தடுப்பைப் போட்டன என்று தேட இது ஒரு நல்ல தொடக்கம்.

எக்செல் 2016 முதல் ஹிஸ்டோகிராம் படம் தயாராகவே இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். அதன் எல்லை விதி வேறு என்பதுதான் காரணம். அது மேல் எல்லையைச் சேர்த்துக்கொள்ளும், கீழ் எல்லையை விட்டுவிடும். படத்தின் அடியில் (30, 40] என்று அடைப்புக்குறிகள் வருவது அதைத்தான் சொல்கிறது: வளைந்த பக்கம் சேராது, சதுரப் பக்கம் சேரும். FREQUENCY என்ற பழைய ஃபங்ஷனும் அப்படித்தான். அந்த விதியில் நம் பட்டியல் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தால், 40 எடுத்த இருவரும் 30–40-க்கு இறங்குகிறார்கள். 30–40-ல் 3-க்குப் பதில் 5, 40–50-ல் 5-க்குப் பதில் 3. 40-க்கு இடப்பக்கம் நிற்பவர்கள் ஐந்து பேரில் இருந்து ஏழு பேராகிவிடுகிறார்கள். தேர்ச்சி பெற்ற இருவர் தோல்வித் தூணில். மேலும், அந்தத் தயார்ப் படம் முதல் பிரிவைப் பட்டியலின் மிகக் குறைந்த மதிப்பெண்ணில், நம் வழக்கில் 18-ல், தொடங்கும். அமைப்புகளுக்குள் போய் மாற்றாவிட்டால் எல்லைகள் 40, 50 என்ற எண்களில் வந்து நிற்காது.

அகலம் எவ்வளவு வைக்கலாம்?

J1-ல் உள்ள 10-ஐ மாற்றிப் பார்த்தால் இது எளிதில் புரியும். 5 ஆக்கி, சூத்திரங்களை 21-வது வரி வரை இழுத்து, படத்தையும் அதுவரை நீட்டுங்கள். இருபது பிரிவுகள். முப்பது பேரை இருபது பிரிவில் போட்டால் ஒவ்வொன்றிலும் ஒருவர், இருவர், மூவர் என்று சிதறுகிறார்கள். மிக உயர்ந்த தூணே 4தான். 75–80 காலி, 85–90 காலி. அந்தப் பள்ளங்களுக்கு ஏதோ காரணம் இருப்பது போல் தோன்றும், ஆனால் ஒருவர் இரண்டு மதிப்பெண் கூடுதலாக எடுத்திருந்தால் படமே மாறியிருக்கும். 20 ஆக்கினால் 1, 4, 11, 10, 4 என்று ஐந்தே தூண்கள். 40-க்கு முன்னும் பின்னும் தெளிவாகப் பிரிகிறது, ஆனால் 70-ல் விழுந்த அந்தச் சரிவு மறைந்துவிடுகிறது.

முப்பது, நாற்பது பேர் உள்ள வகுப்புக்கு 10 போதும். சில நூறு பேர் எழுதிய தேர்வு என்றால் 5 நன்றாக இருக்கும். தேர்ச்சி மதிப்பெண் ஒரு பிரிவின் நடுவில் விழாமல் எல்லையில் வரும்படி அகலத்தைத் தேர்ந்தெடுங்கள். தேர்ச்சி எல்லை 35 என்றால் 10 ஒத்துவராது, 5 வேண்டும்.

அகலத்தைக் கூட்டும்போது ஒரு கவனம். 20 ஆக்கியதும் ஐந்து வரிக்குக் கீழே 100–120 என்று வேண்டாத வரிகள் தொடரும். 100 எடுத்தவர் 80–100-லும் இருப்பார், அந்த வரியிலும் இருப்பார். J4-ல் 31 வரும். மிச்ச வரிகளை அழித்துவிடுங்கள்.

எல்லாப் பிரிவும் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 0–40 என்று ஒரே பிரிவாகப் போட்டு, அதற்கு மேல் 40–50, 50–60 என்று போனால் 0–40-க்கும் 5 பேர், 40–50-க்கும் 5 பேர். படத்தில் இரண்டு தூணும் ஒரே அகலம், ஒரே உயரம். ஆனால் முதல் ஐந்து பேர் நாற்பது மதிப்பெண் தூரத்தில் பரவிக் கிடக்கிறார்கள், அடுத்த ஐந்து பேர் பத்தே மதிப்பெண்ணுக்குள். அகலங்கள் வேறுபட்டே தீர வேண்டும் என்றால் நிகழ்வெண்ணை அகலத்தால் வகுத்து அதைத்தான் உயரமாக வரைய வேண்டும். சாதாரணத் தூண் படம் அதைத் தானாகச் செய்யாது.

இரண்டு வகுப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில்

COUNTIFS-ஐத் தேர்ந்தெடுத்ததன் முழுப் பயன் இங்கேதான். நம் பட்டியலில் முதல் 16 பேர் A பிரிவு வகுப்பு, மீதி 14 பேர் B பிரிவு வகுப்பு என்றும், அது C நெடுவரிசையில் எழுதியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பிரிவின் அகலத்தை மறுபடி 10 ஆக்கிவிட்டு, ஏற்கெனவே உள்ள சூத்திரத்தின் கடைசியில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் போதும்:

```
=COUNTIFS($B$2:$B$31,">="&$D2,
 $B$2:$B$31,IF($E2=$J$2,"<=","<")&$E2,
 $C$2:$C$31,"A")
```

B வகுப்புக்கு அடுத்த நெடுவரிசையில் "A"-வை "B" ஆக்குங்கள். பக்கவாட்டில் நகலெடுக்கும்போது எல்லைகள் நகராமல் இருக்கத்தான் D-க்கும் E-க்கும் முன்னால் டாலர் சேர்த்திருக்கிறேன். B-யும் C-யும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஒன்று 31-ல் முடிந்து மற்றது 30-ல் முடிந்தால் #VALUE! என்று பிழை காட்டும்.

50–60-ல் A-யில் 3 பேர், B-யிலும் 3 பேர். சமம் என்று தோன்றும். ஆனால் 16 பேரில் 3 என்பது 18.75 சதவீதம், 14 பேரில் 3 என்பது 21.4 சதவீதம். எண்ணிக்கை வேறுபடும் இரண்டு வகுப்புகளை ஒப்பிடும்போது நிகழ்வெண்ணை அப்படியே வரையாமல், மேலே உள்ள சூத்திரத்தின் பின்னால் `/COUNTIFS($C$2:$C$31,"A",$B$2:$B$31,">=0")` என்று சேர்த்து சதவீதமாக்கி வரையுங்கள். அந்த `">=0"` நிபந்தனை எதற்கென்றால், தேர்வுக்கு வராதவர்கள் வகுப்பின் மொத்தத்தில் சேர்ந்து சதவீதத்தைக் குறைத்துவிடக் கூடாது.